1,70,000 பேர் டிஸ்மிஸ்: 2003 வேலைநிறுத்தம் நமக்குச் சொல்வது என்ன?

இன்றைய எபிசோடுக்கு நான் எடுத்திருப்பது அரசு ஊழியர்களின் வேலைநிறுத்தம். "எஸ்மா பாயும்" என்று டிவியில் பிரேக்கிங் நியூஸ் ஓடுவதை நாம எல்லாரும் பார்த்திருப்போம். பஸ் ஸ்ட்ரைக், டாக்டர்கள் ஸ்ட்ரைக், ஆசிரியர்கள் ஸ்ட்ரைக், எதுவா இருந்தாலும் இந்த வார்த்தை வந்துடும். ஆனா அது என்ன சட்டம், யார் மேல பாயும், பாய்ஞ்ச பிறகு என்ன நடக்கும்னு கேட்டா, நம்மில் பலருக்கும் தெளிவான பதில் இருக்காது. அதனால ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கிட்டு அதை முழுசா பார்க்கலாம். 2003 ஜூலை, தமிழ்நாடு.

இதைக் கேட்கிற உங்களில் சிலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீங்க. ஆனா உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு வாத்தியாரோ, தாலுகா ஆபீஸ் கிளார்க்கோ இருந்திருந்தால், அந்த மாதத்தைப் பற்றி அவங்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும்.

ஜூலை 2, புதன்கிழமை

முதல்ல, பிரச்சினை எங்கே தொடங்கியது? ஜெயலலிதா 2001-ல் மறுபடியும் ஆட்சிக்கு வந்தபோது மாநிலத்தின் நிதி நிலைமை மோசமாக இருந்தது. அரசு செலவைக் குறைக்க ஆரம்பித்தது. அந்தக் கத்தி முதலில் விழுந்த இடங்களில் ஒன்று ஊழியர்களின் சலுகைகள். ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணமாக வாங்குவது நிறுத்தப்பட்டது. ஓய்வு பெறும்போது பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்ளும் வசதி சுருக்கப்பட்டது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேருபவர்களுக்குப் பழைய பென்ஷனே கிடையாது, அவர்கள் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் என்று ஆனது. பிறகு பல வருஷமாக 'சி.பி.எஸ்.' என்று சண்டை நடந்ததே, அது பிறந்த வருஷம் இதுதான்.

ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோவும், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜியோவும் சேர்ந்து போராட்டத்தை அறிவித்தன. காலவரையற்ற வேலைநிறுத்தம், தொடங்கும் நாள் ஜூலை 2. அதற்கு முன்பே சங்கத் தலைவர்களைப் போலீஸ் கைது செய்யத் தொடங்கியிருந்தது. இருந்தும் வேலைநிறுத்தம் நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகவில்லை.

அரசின் கையில் ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. 2002-ல் சட்டமன்றத்தில் நிறைவேற்றிய தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், சுருக்கமாக டெஸ்மா. வேலைநிறுத்தம் ஆரம்பித்த மூன்றாவது நாள், அதாவது ஜூலை 4 அன்று, அதைத் திருத்தி ஓர் அவசரச் சட்டம் வந்தது. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவரை விசாரணை இல்லாமலேயே டிஸ்மிஸ் செய்ய அது வழி செய்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். நம்ம அரசியலமைப்பில் 311-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அரசு ஊழியரை டிஸ்மிஸ் செய்யணும்னா, அவர் மேல என்ன குற்றச்சாட்டு என்று சொல்லி, அவர் பதிலைக் கேட்டு, விசாரணை நடத்தணும். அப்படி விசாரிப்பது நடைமுறையில் சாத்தியமே இல்லை என்றால், அதற்கான காரணத்தை எழுதி வைத்துவிட்டு, விசாரணையைத் தவிர்க்கலாம். அது ஒரு தனி ஆளுக்கு, அரிதான சூழ்நிலைக்கு என்று வைத்த விதிவிலக்கு. 2003-ல் நடந்தது வேற. ஒருவர் அன்றைக்கு லீவில் இருந்தாரா, உடம்பு சரியில்லாமல் இருந்தாரா, உண்மையிலேயே ஸ்ட்ரைக்கில் இருந்தாரா என்று ஆள் ஆளாகப் பார்க்கும் கட்டமே இல்லாமல், பட்டியல் பட்டியலாக உத்தரவு போனது. சில நாட்களுக்குள் சுமார் 1,70,000 பேருக்கு வேலை போனது. அவர்கள் இடத்தில் தொகுப்பூதியத்துக்குத் தற்காலிக ஆட்கள் எடுக்கப்பட்டார்கள்.

சஸ்பெண்ட் வேற, டிஸ்மிஸ் வேற. சஸ்பெண்ட் ஆனவருக்குப் பிழைப்பூதியம் வரும், வழக்கு முடிந்து திரும்பவும் வரலாம். டிஸ்மிஸ் ஆனவருக்குச் சம்பளம் போகும், பென்ஷன் போகும், இனி எந்த அரசு வேலைக்கும் விண்ணப்பிக்கும் தகுதியும் போகும். இருபத்தஞ்சு வருஷம் சர்வீஸ் போட்ட ஒரு கிளார்க்குக்கு, ரெண்டு நாள் வேலைக்குப் போகாததற்கு இந்தத் தண்டனை.

கோர்ட்டில் நடந்தது

விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தனி நீதிபதி இடைக்கால உத்தரவு போட்டார். விசாரணை இல்லாமல் செய்த டிஸ்மிஸ், சஸ்பெண்ட் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள், அவர்களை வேலையில் சேரச் சொல்லுங்கள் என்றார். அரசு மேல்முறையீடு செய்தது. இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. ரத்து செய்ததற்குக் காரணம், யார் சரி யார் தவறு என்பது இல்லை. அரசு ஊழியர் பிரச்சினை என்றால் முதலில் மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகணும், நேராக இங்கே வரக்கூடாது என்பதுதான்.

அங்கிருந்து உச்ச நீதிமன்றம். வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் சி.ஐ.டி.யு. தலைவர் டி.கே. ரங்கராஜன். அதனால்தான் இந்த வழக்குக்கு 'டி.கே. ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு' என்று பெயர். விசாரித்தவர்கள் நீதிபதிகள் எம்.பி. ஷாவும் ஏ.ஆர். லட்சுமணனும்.

அந்தத் தீர்ப்பைப் படித்தால் இரண்டு விஷயங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தெரியும். ஒன்று, நீதிபதிகள் அந்த மனிதர்களின் நிலைமையைப் பார்த்து வருத்தப்படுகிறார்கள். கைதாகிச் சிறையில் இருந்தவர்கள் 2,211 பேர், அதில் 74 பேர் பெண்கள். பெரும்பாலும் கிளார்க்குகளும் கடைநிலை ஊழியர்களும்தான். அவர்களை ஜாமீனில் விட உத்தரவு வந்ததையும் தீர்ப்பு பதிவு செய்கிறது. "தீர்ப்பாயத்துக்குப் போங்க" என்று உயர் நீதிமன்றம் சொன்னதையும் ஏற்கவில்லை. ஏன் தெரியுமா? அப்போது அந்தத் தீர்ப்பாயத்தில் இருந்தது ஒரே ஒரு உறுப்பினர். லட்சக்கணக்கானவர்களின் வழக்கை ஒரே ஆள் எப்படி விசாரிப்பார்?

ஜூலை 24-ல் ஒரு சமரசம் வந்தது. கைதானவர்கள், வழக்குப் பதிவானவர்கள் தவிர மற்றவர்களைத் திரும்பவும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அரசு சொன்னது. நிபந்தனைகள் இரண்டு. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதம் தரணும். அரசு ஊழியர் நடத்தை விதி 22-ஐ இனி மீற மாட்டேன் என்று எழுதித் தரணும். அந்த 22-ஆம் விதி, ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து வேலையை நிறுத்துவதை மட்டும் தடை செய்யவில்லை. வேலையை மெதுவாகச் செய்வது, அனுமதி இல்லாமல் கூட்டமாக லீவு போடுவது, தேவைப்படும்போது கூடுதல் நேரம் வேலை செய்ய மறுப்பது, எல்லாமே அதன் கணக்கில் வேலைநிறுத்தம்தான்.

மன்னிப்புக் கடிதம் எழுதி லட்சக்கணக்கானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். மீதமிருந்த ஆறாயிரத்துச் சொச்சம் பேரின் விஷயத்தை ஓய்வு பெற்ற நீதிபதிகள் மூன்று பேர் பார்ப்பார்கள் என்று ஏற்பாடானது.

இரண்டாவது விஷயம் ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீர்ப்பில் வந்தது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்டப்படியான உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை, நியாயத்தின் பெயரிலும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் எழுதியது. வரி வருமானத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சம்பளத்துக்கே போகிறது என்று அரசுத் தரப்பு சொன்னதையும் குறிப்பிட்டது. குறை இருந்தால் சட்டம் வகுத்திருக்கும் அமைப்புகளிடம் போய்த் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது.

கவனிச்சீங்களா? ஒரே தீர்ப்பில், ஒரு பக்கத்தில் "அந்த அமைப்பில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்" என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் "அமைப்புகளிடம் போங்க" என்று இருக்கிறது. அதுவும் தீர்ப்பாயம் என்பது ஒருவருக்கு விதிப்படி கிடைக்க வேண்டியது கிடைத்ததா என்று பார்க்கிற இடம். "விதியையே மாத்தி என் பென்ஷனைக் குறைச்சுட்டாங்க, இதைப் பத்தி உட்கார்ந்து பேசுவோம்" என்று கேட்கிற இடம் இல்லை அது. பேரம் பேசும் மேசை வேற, கோர்ட் வேற. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு அந்த மேசை சட்டப்படி இருந்ததே இல்லை. இன்றைய எபிசோடின் மையம் இதுதான்.

1960: ஐந்து நாள்

அந்த மேசை எப்படி வரணும், ஏன் வரலை என்று புரிய, நாற்பது வருஷம் பின்னால் போய் மத்திய அரசு ஊழியர்களைப் பார்க்கணும்.

1957-ல் தபால் தந்தி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று அறிவித்தபோது, நேருவின் அரசு இரண்டு காரியம் செய்தது. ஒரு கையில் தடைச் சட்டம், இன்னொரு கையில் இரண்டாவது ஊதியக் குழு. ஊழியர்கள் காத்திருந்தார்கள். ஊதியக் குழு குறைந்தபட்சச் சம்பளமாக மாதம் 80 ரூபாய் சொன்னது. அதே 1957-ல் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்த இந்தியத் தொழிலாளர் மாநாட்டில், ஒரு குடும்பத்தின் உணவு, துணி, வாடகையைக் கணக்குப் போட்டுக் குறைந்தபட்ச ஊதியம் தீர்மானிக்க வேண்டும் என்று ஏற்றிருந்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டால் 80 ரூபாய் ரொம்பக் குறைவு என்பது சங்கங்களின் வாதம்.

1960 ஜூலை 11 நள்ளிரவு வேலைநிறுத்தம் தொடங்கியது. ரயில்வே, தபால், தந்தி என்று நாடு முழுக்க. அது தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பே, ஜூலை 8 அன்று, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டம் வந்துவிட்டது. ஐந்து நாளில் வேலைநிறுத்தம் முடிந்துபோனது. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் நடவடிக்கை வந்தது. சங்கங்களின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது.

இங்கே 'அங்கீகாரம்' என்ற சொல் முக்கியம். அரசுத் துறையில் சங்கம் வைத்தால் மட்டும் போதாது. நிர்வாகம் அதை அங்கீகரித்தால்தான் அதன் கடிதத்துக்குப் பதில் வரும், அதன் செயலாளரைப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். அங்கீகாரத்தைப் பறித்தால் சங்கம் காகிதத்தில் இருக்கும், அலுவலகத்தின் கதவு மட்டும் திறக்காது.

அந்தக் காலத்து விதி இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கீகாரம் இல்லாத சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே தப்பு என்று சொன்னது. கணக்கு-தணிக்கைத் துறைச் சங்கத்தின் செயலாளர் ஜோசப் என்பவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1962-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. நீ எந்தச் சங்கத்தில் சேரலாம் என்பதை முதலாளியின் அங்கீகாரம் தீர்மானிக்க முடியாது, சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை என்றது. அதே வருஷம் பீகாரிலிருந்து வந்த காமேஷ்வர் பிரசாத் வழக்கில், அரசு ஊழியர்கள் ஆர்ப்பாட்டம் செய்வதை மொத்தமாகத் தடை செய்ய முடியாது என்றும் சொன்னது. ஆனா அதே தீர்ப்பில் வேலைநிறுத்தம் மட்டும் அடிப்படை உரிமை இல்லை என்றது.

ஆக 1962-லேயே கோடு போட்டாச்சு. சங்கம் வைக்கலாம். கோஷம் போடலாம். ஊர்வலம் போகலாம். வேலையை நிறுத்துவதற்கு மட்டும் அரசியலமைப்பின் பாதுகாப்பு கிடையாது. 2003 தீர்ப்பு இந்தக் கோட்டைத்தான் எடுத்துக்கொண்டது. "அடிப்படை உரிமை இல்லை" என்று இருந்ததை "தார்மீக உரிமையும் இல்லை" என்ற இடம் வரைக்கும் நீட்டியது. சட்ட அறிஞர்கள் பலர் விமர்சித்தது இந்த நீட்டலைத்தான். 1989-ல் பி.ஆர். சிங் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் என்பது கூட்டுப் பேரத்தில் தொழிலாளி கையிலிருக்கும் ஒரு கருவி என்று ஏற்றிருந்தது. அது தொழிற்தகராறு சட்டத்துக்குக் கீழே வரும் ஊழியர்களைப் பற்றியது என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பார்வைக்கு 2003-ல் இடம் கிடைக்கவில்லை.

ஸ்ட்ரைக்குக்குப் பதிலா என்ன?

1960-க்குப் பிறகு மத்திய அரசுக்கே ஒன்று புரிந்தது. வேலைநிறுத்தம் வேண்டாம் என்று சொன்னால், பதிலுக்கு ஏதாவது கொடுக்கணும். பிரிட்டனில் முதல் உலகப் போருக்குப் பிறகு அரசு ஊழியர்களுக்கு 'விட்லி கவுன்சில்' என்ற அமைப்பு வந்திருந்தது. அதைப் பார்த்து, 1966 அக்டோபரில் கூட்டு ஆலோசனை அமைப்பு தொடங்கப்பட்டது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஜே.சி.எம்.

அதன் யோசனை எளிமையானது. மேசையின் ஒரு பக்கம் அரசு அதிகாரிகள், இன்னொரு பக்கம் சங்கங்களின் பிரதிநிதிகள். தேசிய அளவில், துறை அளவில், அலுவலக அளவில் என்று மூன்று படிகள். பேசிப் பார்த்தும் உடன்பாடு வரவில்லை என்றால், மூன்று விஷயங்களில் மட்டும் நடுவரிடம் கட்டாயம் போகலாம்: சம்பளமும் படிகளும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, அப்புறம் லீவு. நடுவர் குழுவில் மூன்று பேர். அரசுப் பக்கம் ஒருவர், ஊழியர் பக்கம் ஒருவர், பொதுவான தலைவர் ஒருவர். அவர்கள் சொல்லும் தீர்ப்பு இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தும். நாடாளுமன்றம் மட்டும் அதை மாற்றலாம் அல்லது நிராகரிக்கலாம், ஏன்னா பணம் மக்களுடையது.

ஒரு பேரமாக இது மோசமே இல்லை. ஊழியர் ஒரு கருவியைக் கீழே வைக்கிறார், பதிலுக்கு நடுநிலையான ஒருவரின் தீர்ப்பு கிடைக்கிறது. ஆனா முதல் பரீட்சையிலேயே இது சறுக்கியது. இரண்டே வருஷத்தில், தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம் என்ற பழைய கோரிக்கையை நடுவரிடம் அனுப்புங்கள் என்று ஊழியர் தரப்பு கேட்டது. அரசு அனுப்ப மறுத்தது. விளைவு, 1968 செப்டம்பர் 19 அன்று நாடு தழுவிய ஒரு நாள் வேலைநிறுத்தம். மறுபடி அவசரச் சட்டம், மறுபடி கைது. அந்த வருஷமே அவசரச் சட்டம் நாடாளுமன்றச் சட்டமாகவும் ஆனது. நாம இன்றைக்கு 'எஸ்மா' என்று பொதுவாகச் சொல்கிற சட்ட வகையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதில் ஒரு பாடம் இருக்கு. நடுவரிடம் போகலாமா என்பதை ஒரு தரப்பே தீர்மானிக்க முடிந்தால், அந்த மாற்று வழி வேலை செய்யாது. வேலை செய்யாதபோது ஊழியர் பழைய கருவியைத்தான் தேடிப் போவார். இத்தனை குறை இருந்தும் மத்திய அரசு ஊழியருக்கு மேசை என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டு ஆசிரியருக்கோ கிளார்க்குக்கோ அந்த அளவுக்குக்கூட இல்லை. முதலமைச்சர் கூப்பிட்டால் பேச்சுவார்த்தை, கூப்பிடாவிட்டால் இல்லை.

இதே தமிழ்நாட்டில் அரசு பஸ் டிரைவரை எடுத்துக்கோங்க. அவர் போக்குவரத்துக் கழகத்தின் தொழிலாளி, அதனால அரசு ஊழியர் விதிகளுக்கு வெளியே, தொழிலாளர் சட்டத்துக்குள்ள வருவார். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து அவர் வேலைநிறுத்தம் செய்யலாம், நோட்டீஸ் கொடுத்த பிறகு 14 நாள் காத்திருக்கணும், சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தக்கூடாது. சம்பளம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக வரும். 2018 ஜனவரியில் அந்தப் பேச்சு முறிந்து ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. பழைய சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கணும் என்று சங்கங்கள் கேட்டன, 2.44 என்று அரசு நின்றது. வேலைக்குத் திரும்பாவிட்டால் நடவடிக்கை என்று முதலில் எச்சரித்த உயர் நீதிமன்றம், கடைசியில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை நடுவராகப் போட்டது. பொங்கலுக்கு முன்னாடி பஸ் ஓடியது. சண்டை 0.13-க்கு என்றாலும், அதைத் தீர்க்க ஓர் ஆள் கிடைத்ததும் வேலை தொடங்கியது.

யார் அத்தியாவசியம்?

இப்ப மறுபக்கத்தையும் நேர்மையா பார்க்கணும். தனியார் ஃபேக்டரியில் ஸ்ட்ரைக் நடந்தால் முதலாளியின் லாபம் குறையும், அந்த வலியில் அவர் பேச வருவார். அரசு அலுவலகத்தில் ஸ்ட்ரைக் நடந்தால் முதலமைச்சருக்கு நஷ்டம் இல்லை. ஜூலை மாசம் காலேஜ் அட்மிஷனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு நிற்கிற பையனுக்குத்தான் நஷ்டம். அரசுப் பள்ளி மூடினால், தனியார் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்குத்தான் பாடம் போகும். அரசின் பணம் வரிப்பணம், அதை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்க மக்கள் ஓட்டுப் போட்டு ஓர் ஆட்சியைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது.

ஆனா கஷ்டம் வேற, ஆபத்து வேற. சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் குழுக்கள் பல வருஷமாகப் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான்: அந்தச் சேவை நின்றால் மக்களின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, பாதுகாப்புக்கோ ஆபத்து வருமா? வரும் என்றால் அது அத்தியாவசியம். மருத்துவமனை, குடிநீர், மின்சாரம், தீயணைப்பு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இதில் வரும். பள்ளிக்கூடமும் தபாலும் பஸ்ஸும் வராது. அரசின் அதிகாரத்தை நேரடியாகச் செலுத்தும் அதிகாரிகளுக்கும் வேலைநிறுத்தத்தைத் தடுக்கலாம் என்று அது ஏற்கிறது. ஆனா அப்படித் தடுத்தால், வேகமான, நடுநிலையான சமரச வழியும் நடுவர் வழியும் கொடுத்தே ஆகணும் என்கிறது. தடையும் மாற்று வழியும் ஒன்றோடொன்று சேர்ந்தே வரவேண்டும்.

இந்தியா இந்த விஷயத்தின் மூன்று முக்கிய ஐ.எல்.ஓ. உடன்படிக்கைகளில் கையெழுத்துப் போடவில்லை. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87, கூட்டுப் பேரம் பற்றிய 98, அரசுப் பணியாளர் பற்றிய 151. அரசு ஊழியர்களுக்கு நம் நடத்தை விதிகளில் இருக்கும் கட்டுப்பாடுகளையே இதற்குக் காரணமாக அரசு சொல்லி வந்திருக்கிறது.

நம்ம எஸ்மா வகைச் சட்டங்களின் பிரச்சினை இங்கேதான். 'அத்தியாவசியம்' என்பதை எவ்வளவு விரிக்கலாம் என்பதை அரசே தீர்மானிக்கிறது. அரசுதான் முதலாளி, அரசுதான் சட்டம் போடுகிறது, அரசுதான் வேலையை விட்டு அனுப்புகிறது. 2003-ல் ஐ.சி.யு. நர்ஸும், மூன்றாம் வகுப்பு டீச்சரும், பைல் நகர்த்தும் கிளார்க்கும் ஒரே வலையில் விழுந்தார்கள். மூன்று பேர் வேலையை நிறுத்துவதும் ஒரே மாதிரி விளைவைத் தராது என்பது நமக்கே தெரியும். ஐ.சி.யு.வில் நர்ஸ் இல்லாத ஒரு மணி நேரமும், பள்ளியில் டீச்சர் இல்லாத ஒரு வாரமும் ஒன்றில்லை. பிந்தையதைச் சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டலாம்.

பிறகு என்ன ஆச்சு

2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அ.தி.மு.க. கூட்டணி தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல, ஊழியர்களின் கோபம் அதில் ஒன்று. சில நாட்களில் ஜெயலலிதா தன் அரசின் பல முடிவுகளைத் திரும்பப் பெற்றார். வேலைநிறுத்தத்துக்காக ஊழியர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகளும் அதில் இருந்தன. கோர்ட்டில் கிடைக்காததும், பேச்சுவார்த்தை மேசையில் கிடைக்காததும், ஓட்டுப் பெட்டி வழியாகக் கிடைத்தது.

சிலர் இதை வெற்றிக் கதையாகச் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணலை. தேர்தல் வரைக்கும் காத்திருந்து தீர்க்கும் முறையில், ஓட்டு எண்ணிக்கை அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் நியாயம் கிடைக்கும். லட்சக்கணக்கான பேர் கொண்ட ஒரு கூட்டமைப்பு ஓர் ஆட்சியை அசைக்கலாம். ஒரு சின்னத் துறையில் இருக்கும் முந்நூறு லேப் டெக்னீஷியன்களால் அது முடியாது. அவர்களுக்குத்தான் நடுவர் முறை ரொம்பத் தேவை.

கடனும் தீரவில்லை. 2003-ல் சேர்ந்தவர்களின் பென்ஷன் கேள்வி அப்படியே நின்றது. 2019 ஜனவரி 22-ல் ஜாக்டோ-ஜியோ மறுபடி காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, முன்னணிக் கோரிக்கை அதே சி.பி.எஸ். ரத்துதான். மறுபடி கைதுகள், மறுபடி தற்காலிக ஆசிரியர்களை எடுக்கும் அறிவிப்பு. பொதுத் தேர்வு நெருங்குகிறது, மாணவர்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்ற அழுத்தத்தில் ஜனவரி 30 அன்று வாபஸ். பதினாறு வருஷ இடைவெளி, அதே பிரச்சினை, அதே வரிசை.

அடுத்த முறை "எஸ்மா பாயும்" என்று செய்தி வரும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. இந்தச் சேவை நின்றால் யார் உயிருக்காவது ஆபத்தா, இல்லை நமக்கு அசௌகரியமா? ஆபத்துதான் என்றால், மொத்தத் தடைக்குப் பதிலா, அவசரப் பிரிவை மட்டும் ஓட்டும் குறைந்தபட்சச் சேவையை ஏற்பாடு செய்ய முடியாதா? மொத்தமாகத் தடுத்தே ஆகணும் என்றால், இந்த ஊழியர் தன் கோரிக்கையை எடுத்துக்கொண்டு போக ஒரு நடுவர் இருக்கிறாரா, அவரிடம் போக அரசின் அனுமதி தேவையா?

மூன்றாவது கேள்விக்கு "நடுவர் இல்லை" என்று பதில் வந்தால், அந்தத் தடை உத்தரவு பிரச்சினையைத் தள்ளிப்போடுகிறது என்று புரிஞ்சுக்கலாம். 1968-ல் தள்ளிப்போட்டார்கள், 2003-ல் தள்ளிப்போட்டார்கள். அடுத்த எபிசோடில் 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பார்ப்போம். இருபது நாள் நடந்த அந்தப் போராட்டத்துக்குள்ளேயும் இதே மேசைப் பிரச்சினை இருக்கு.